நிறுத்திய மாதங்கள்

"நல்ல ஃபண்டில்தான் எஸ்ஐபி போடுகிறேன், ஆனாலும் ஃபண்ட் காட்டும் வருமானம் எனக்கு வரவில்லையே, ஏன்?"

பெரும்பாலும் குறை ஃபண்டில் இல்லை, நாம் நிறுத்திய மாதங்களில் இருக்கிறது. 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. அலுவலகத்தில் எல்லாரும் நிறுத்துகிறார்களே என்று நானும் நிறுத்தினேன், இறக்கம் முடிந்ததும் சரியான நேரத்தில் உள்ளே வந்துவிடலாம் என்ற தெனாவட்டு வேறு. நவம்பரில் 13,000-ஐத் தொட்ட பிறகுதான் தைரியம் வந்தது. சரி, கணக்குப் பாருங்கள்: நிஃப்டியோடு ஏறி இறங்கும் இண்டெக்ஸ் ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 123 ரூபாயாக இருந்தால் 5,000 ரூபாய்க்குச் சுமார் 41 யூனிட், 76 ரூபாயில் 66, 130-இல் வெறும் 38. மலிவாகக் கிடைத்த யூனிட்டுகளை மட்டும் கச்சிதமாகத் தவிர்த்திருக்கிறேன்! உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தவணை விடுபட்ட மாதங்களுக்குப் பக்கத்தில் அன்றைய என்ஏவியை எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும்.