அக்காவின் கண்ணா, நம் பயமா?

கேள்வி: ஒன்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது ஐந்து மாதம். நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்திக்குக் குழந்தை இல்லை. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் வந்து, குழந்தையை மடியில் வைத்து, "எவ்வளவு அழகு" என்று வெகுநேரம் கொஞ்சிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே குழந்தைக்குக் காய்ச்சல். "அவள் கண்தான் பட்டது, இனி குழந்தையைக் காட்டாதே" என்கிறார் மாமியார். கணவரின் நண்பர் துருக்கியிலிருந்து நீலக் கண்ணாடி மணி ஒன்று வாங்கிவந்து தந்திருக்கிறார். அதைக் குழந்தைக்குக் கட்டலாமா? உலகம் முழுக்க நம்புகிறார்கள் என்றால் இதில் ஏதோ உண்மை இருக்கத்தானே வேண்டும்? அக்காவை வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் காய்ச்சலைப் பார்ப்போம். சாதாரணச் சளிக் காய்ச்சலின் கிருமி உடம்புக்குள் போய் வேலையைக் காட்டப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். சாயங்காலம் தூக்கியவரிடமிருந்து கிருமியே தொற்றியிருந்தாலும், அன்று ராத்திரியே காய்ச்சலாக வெளிப்படுவது அரிது. அவர் உங்கள் வீட்டுப் படியேறும் முன்பே அது குழந்தைக்குள் இருந்திருக்கும். அவர் வந்துபோய்க் காய்ச்சல் வராத நாட்களும் இருந்திருக்குமே, அவற்றை யாராவது கணக்கில் வைத்தார்களா?

உலகம் முழுக்க நம்புகிறார்கள் என்பது பாதிதான் சரி. ஜான் ராபர்ட்ஸ் என்ற மானுடவியலாளர் உலகின் பல பகுதிகளிலிருந்து 186 சமூகங்களை எடுத்து ஒப்பிட்டு, 1976-இல் முடிவை வெளியிட்டார். கண்ணேறு நம்பிக்கை இருந்தது 67 சமூகங்களில், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். எங்கெல்லாம் என்பதுதான் சுவாரசியம். தானியம் விளைவித்து, கறவை மாடு வளர்த்து, உள்ளவர் இல்லாதவர் என்ற ஏற்றத்தாழ்வோடு வாழ்ந்த சமூகங்களில் அது அதிகம் தென்பட்டது. பக்கத்து ஊரைப் பார்த்துப் பழகியதும் இதில் கலந்திருக்கும் என்பதால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்வைக்கே ஒரு சக்தி இருந்தால் அது கண் உள்ள எல்லா ஊரிலும் வேலை செய்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சமூகங்கள் அதைக் கவனிக்காமலே வாழ்ந்திருக்கின்றன.

இந்த நம்பிக்கையில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, யாருடைய கண்ணுக்கு மக்கள் பயந்தார்கள் என்பது. பகைவன் கண் என்றுதானே நினைப்போம்? கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், ஒரு விருந்தில் நடந்த பேச்சைப் பதிவுசெய்திருக்கிறார். கண்ணேறு என்ற பேச்சு எழுந்ததும் பலர் சிரிக்கிறார்கள். விருந்தளித்தவரோ, காரணம் புரியவில்லை என்பதற்காக ஒன்றை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்கிறார். பொறாமையில் வேகும் மனம் உடம்பையும் கெடுக்கிறது, அந்தக் கேடு கண் வழியாக வெளியேறுகிறது என்று ஒரு விளக்கம் வருகிறது. உடனே ஒருவர் மடக்குகிறார்: அப்படியானால் பெற்ற தகப்பனுக்கே அந்தக் கண் உண்டென்று பயந்து, குழந்தையை அவரிடம் காட்டாமலும், அதிக நேரம் பார்க்கவிடாமலும் சில பெண்கள் வைத்திருக்கிறார்களே, தகப்பனுக்கு ஏது பொறாமை? தண்ணீரில் தன் அழகைப் பார்த்துத் தனக்கே கண் போட்டுக்கொண்ட ஒரு இளைஞனின் கதையும் அங்கே வருகிறது. ஆக, கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே, இந்த நம்பிக்கையைக் கெட்ட எண்ணத்தோடு மட்டும் முடிச்சுப்போட முடியவில்லை. ஆசையாகப் பார்ப்பவரும் பட்டியலில் இருந்தார்.

மாலிக் இமாம் தொகுத்த முவத்தா என்ற, நபிகளின் சொல்லையும் செயலையும் பதிவுசெய்யும் ஹதீஸ் நூலில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஸஹ்ல் என்பவர் குளித்துக்கொண்டிருக்கிறார். ஆமிர் என்ற தோழர் அவரைப் பார்த்து, இப்படிப்பட்ட மேனியை நான் கண்டதே இல்லை என்று வியக்கிறார். ஸஹ்ல் அந்த இடத்திலேயே சுருண்டு விழுகிறார். செய்தி நபிகளிடம் போகிறது. அவர் ஆமிரை அழைத்து, பரக்கத், அதாவது இறையருள், உண்டாகட்டும் என்று ஏன் வாழ்த்தவில்லை என்று கடிந்துகொள்கிறார். பிறகு ஆமிர் கை, முகம், கால் கழுவிய நீரை ஸஹ்ல் மேல் ஊற்றச் சொல்கிறார். ஸஹ்ல் எழுந்து நடந்துபோகிறார். யாருடைய கண் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆமிரை யாரும் விலக்கி வைக்கவில்லை. கண் பட்டவரைத் தேற்றும் வேலை, கண் போட்டவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. மெக்சிகோவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அங்கே ஒரு குழந்தையை ரசித்துப் பார்த்தவர் அதைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். பார்த்துவிட்டுத் தொடாமல் போனால்தான் தாய்க்குக் கவலை.

எதிர்த் திசையில் போன ஊரும் உண்டு. எத்தியோப்பியாவின் அம்ஹாரா மக்களிடம் 'புதா' என்ற நம்பிக்கை. கொல்லர், குயவர், நெசவாளர் போன்ற, சொந்த நிலம் இல்லாத கைவினைக் குடிகளுக்குத்தான் அந்தக் கண் என்றார்கள். நிலம் வைத்திருந்தவர், தனக்குக் கலப்பைக் கொழு அடித்துத் தந்தவனின் கண்ணுக்குப் பயந்தார். குழந்தை நோயில் விழுந்தால் விரல் அந்த வீடுகளை நோக்கி நீண்டது. இல்லாதவன் பார்க்கிறான் என்பதே அவன் மேல் குற்றமாயிற்று. உங்கள் மாமியார் செய்திருப்பது இதுதான். ஆமிருக்குக் கிடைத்த இடத்தை அக்காவுக்குத் தராமல், கொல்லருக்குக் கிடைத்த இடத்தைத் தந்துவிட்டார். அன்று குழந்தையைக் கொஞ்சிய மற்றவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் ஏன் நினைத்தார்? அவருக்குக் குழந்தை இல்லை என்ற ஒரே காரணம்தான்.

ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற மானுடவியலாளர் மெக்சிகோ கிராமம் ஒன்றில் வெகுகாலம் ஆய்வு செய்தவர். உலகத்தில் நல்லது ஒரு குறிப்பிட்ட அளவுதான் இருக்கிறது, ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மக்களிடம் ஊறியிருந்ததாக 1965-இல் எழுதினார். ஏழு வருடம் கழித்துப் பொறாமையைப் பற்றித் தனியே எழுதியபோது, பொறாமைப்படுகிறவரை விட, பொறாமைப்படுவார்களோ என்று அஞ்சுகிறவரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அப்படி அஞ்சுபவர் முதலில் தன்னிடம் இருப்பதை மறைப்பார். மறைக்க முடியாவிட்டால் 'என்ன பெரிசா இருக்கு' என்று குறைத்துப் பேசுவார். அதுவும் பலிக்காதபோது சிறிதாக எதையாவது கொடுத்துச் சமாதானம் செய்வார். உண்மையாகப் பங்கிடுவது கடைசியில்தான் வரும்.

2010-இல் நெதர்லாந்து உளவியலாளர்கள் சிலர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தகுதியால் வந்த பரிசு, தகுதியில்லாமல் வந்த பரிசு என்று இரண்டு விதம். தகுதியில்லாமல் பெற்றவர்கள்தான் அடுத்தவர் வயிற்றெரிச்சலை அதிகம் எதிர்பார்த்தார்கள். அந்த அடுத்தவருக்கு உதவ மெனக்கெட்டவர்களும் அவர்களே.

ஒன்பது வருடம் காத்திருந்தவர் நீங்கள். அந்த வருடங்களில் யாராவது ஒருத்தி குழந்தையோடு வந்து நின்றபோது உங்களுக்குள் என்ன ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு எதுவும் ஆகவில்லை. இப்போது நீங்கள் வாசலின் இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள், அக்கா அங்கேயே நிற்கிறார். தனக்குக் கிடைத்ததும் அவருக்குக் கிடைக்காததும் ஏன் என்று யாராலும் சொல்ல முடியாதபோது, கிடைத்தது பறிபோகுமோ என்ற பயம் வருவது இயல்புதான். மாமியாருக்கும் அந்தப் பயமே அவர் வயதுக்கேற்ற வடிவத்தில் வந்திருக்கிறது. அக்காவுக்குப் பொறாமை இருக்கவே இருக்காது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், இருக்கலாம். இருந்தாலும் அது அவர் நெஞ்சை அறுக்குமே தவிர, குழந்தையின் உடல்சூட்டை ஏற்றாது.

மணிக்கு வருவோம். கண்ணேறுக்கென்று செய்த தாயத்துகள் பல, பார்வையைத் தன் பக்கம் இழுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. விசித்திரமான உருவம் கண்ணைக் கவர்ந்துகொண்டால் ஆளின் மேல் விழும் பார்வை குறையும் என்று புளூட்டார்க் சொன்ன அதே விருந்தில் பேசிக்கொண்டார்கள். ரோமர்கள் ஆண்குறி வடிவப் பதக்கத்தைக் குழந்தைகளுக்குக் காப்பாக வைத்திருந்தார்கள். வெற்றி ஊர்வலத்தில் தளபதியின் தேருக்கடியிலும் அது தொங்கியது என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். வென்றவனுக்கு அந்த நாளில்தான் பயம் அதிகம் போலிருக்கிறது. உங்கள் நீல மணியும் திறந்த கண்ணாக விழித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். அது யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதில்லை; அதனால் எனக்கு அதன் மேல் கோபமில்லை. வாசல் பக்கம் ஆணியில் மாட்டுங்கள். குழந்தையின் கழுத்திலோ கையிலோ கட்டாதீர்கள், தொட்டில் மேலும் வேண்டாம். ஐந்து மாதத்தில் எட்டியதெல்லாம் வாய்க்குப் போகும். உடைந்த கண்ணாடியும், கழுத்தைச் சுற்றும் கயிறும் நிஜமான ஆபத்து. கண்ணுக்கு மை வைக்கச் சொன்னால், பல நாடுகளில் விற்கும் மைகளில் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடுங்கள். அடுத்தமுறை காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, யார் கண் என்று யோசித்து நேரத்தைக் கழிக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்காவை வரவேண்டாம் என்று சொல்ல நல்ல வழி எதுவும் கிடையாது. எந்த வார்த்தையில் சொன்னாலும், நீ தீட்டு என்றுதான் அவருக்குக் கேட்கும். மாமியாரிடம் வாதாடி ஜெயிக்கவும் பார்க்காதீர்கள். அவர் நம்பிக்கைக்குள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது: "அத்தை, பார்த்தவங்க வாயாலேயே வாழ்த்திட்டா ஒண்ணும் ஆகாதாம். அக்காவே பாப்பாவை மடியில வச்சு, நல்லா இருன்னு சொல்லட்டும்." இதை அக்கா வருவதற்கு முன்பே மாமியாரிடம் பேசிவிடுங்கள், இதற்காகத்தான் என்பது அக்காவின் காதுக்குப் போகவே கூடாது. கால் கழுவிய நீர் மாதிரியான பரிகாரம் எதையும் அவரிடம் கேட்கவும் கூடாது, அது முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுவது. அவர் வந்ததும் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்குங்கக்கா, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்விடுங்கள். அவருக்கு நிஜமாகவே சளி இருக்கிற நாளில் மட்டும், வேறு யாரிடமும் சொல்வதைப்போலவே, "சளி விட்டதும் வாங்கக்கா" என்று சொல்லலாம்.