பொதுச் சுவருக்குப் பங்கு கேட்டு எழுதும்போது...

"பாதிச் செலவைத் தாருங்கள்" என்று பக்கத்து வீட்டுக்குக் கடிதம் கொடுத்தேன். ஒரு மாதமாகப் பதிலே இல்லை. – தாம்பரம் வாசகர்

எதில் பாதி என்று எழுதினீர்களா? எனக்கு அனுப்பிய நகலில் நீளம், உயரம், தொகை ஒன்றுமே இல்லையே! பொதுவான எல்லை எத்தனை அடி, சுவர் எவ்வளவு உயரம், ஹாலோ பிளாக்கா செங்கல்லா, பூச்சு இரண்டு பக்கமுமா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். மேஸ்திரியின் மதிப்பீட்டையும் சர்வேயர் அளந்து கொடுத்த வரைபடத்தையும் இணையுங்கள். அளக்காமல் கடிதமே வேண்டாம்.

வாய்ப்பேச்சு போதாதா?

போதாது. வீடு கைமாறினால் புதியவருக்கு உங்கள் பேச்சு தெரியாது. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் நிற்கிறது என்று என் மனையை மூன்றடி உயர்த்திவிட்டேன். பக்கத்து மனை பழைய மட்டத்தில்தான் இருக்கிறது. சுவர்ச் செலவில் பாதி கேட்டால் மறுக்கிறார். – கடலூர் வாசகர்

அவர் மறுப்பது நியாயம். இந்த விஷயத்தை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. காம்பவுண்டுச் சுவர் எல்லை காட்டத்தான், மண்ணைத் தாங்க அல்ல. சாதாரணச் சுவரை ஒட்டி மூன்றடி மண் நிரப்பினால், மழையில் மண் ஊறி, சுவர் பக்கத்து மனைப் பக்கம் சாயும். நீளவாக்கில் படுக்கை விரிசல் தெரிந்தால் சாயத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உங்களுக்கு வேண்டியது தாங்குசுவர். அந்தக் கூடுதல் செலவு மண் நிரப்பியவருடையது. நாற்பது அடி எல்லைக்குச் சாதாரணச் சுவர் 60,000 ரூபாய், தாங்குசுவரோடு சேர்த்து 1,10,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசமான 50,000 முழுக்க உங்களுடையது; மீதி 60,000ஐப் பாதியாக்குங்கள். அவர் 30,000, நீங்கள் 80,000. கடிதத்தில் இரண்டு மதிப்பீடுகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள், அப்போதுதான் அவர் நம்புவார்.

இன்னொன்று. தாங்குசுவரில் நீர் வெளியேறத் துளை விடுவார்கள். அது அவர் மனையில் கொட்டும்! உங்கள் பக்கமே சுவரை ஒட்டி வடிகால் வைத்துத் தெருப்பக்கம் கொண்டுபோங்கள். அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

எனக்கு ஐந்தடி உயரச் சுவர் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏழடி வேண்டுமாம்.

ஐந்தடி வரை பாதி பாதி, மேலே இரண்டடி அவர் கணக்கு. அதற்காக அஸ்திவாரத்தையும் தூண்களையும் பலப்படுத்தினால் அந்த வித்தியாசமும் அவருடையதே.

பின்மனை காலி. உரிமையாளர் வெளிநாட்டில், பதில் இல்லை.

காத்திருக்க முடியாவிட்டால் முழுச் செலவும் உங்களுடையது என்று நினைத்துக் கட்டுங்கள். சம்மதம் இல்லாமல் எல்லைக்கோட்டின் நடுவில் சுவரை வைக்காதீர்கள். முழுச் சுவரும் உங்கள் நிலத்துக்குள் இருக்கட்டும். அஸ்திவாரம் சுவரைவிட அகலம், ஆகவே ஓரடியாவது உள்ளே தள்ள வேண்டிவரும். அப்புறம், அளந்துவிட்டுக் கட்டுங்கள்.