மனைவி சாட்சிக்கூண்டில் ஏற மறுத்தால்?

கேள்வி: அத்தான் உலக்கையால் அடித்ததில் அக்காவின் கை முறிந்தது. யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. புருசனுக்கு எதிராகப் பெண்சாதி சாட்சி சொல்ல ஏலாது என்று அத்தான் வீட்டார் சொல்கிறார்கள். அக்காவும் வரமாட்டேன் என்கிறா. நேரில் கண்டது 7 வயது மகனும், மனநோய்க்கு மருந்தெடுக்கும் பெரியம்மாவும்தான். அவர்களின் சாட்சி செல்லுமா?

பதில்: அத்தான் வீட்டார் சொல்வது பாதி சரி. அவர் அன்று உங்களுக்கு அடித்திருந்தால், உங்கள் அக்காவை வழக்குத்தொடுநர் தரப்பு சாட்சியாக அழைத்திருக்க முடியாது. அத்தான் தனக்காக அழைத்தால் மட்டுமே அவர் கூண்டில் ஏறலாம். ஆனால் அடிபட்டது மனைவியே என்றால் கதை வேறு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 120ஆம் பிரிவுப்படி, மனைவிக்குக் கணவன் ஏற்படுத்திய காயம் பற்றிய வழக்கில் அவர் சாட்சி சொல்லலாம். சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியும். ஆகவே "வரமாட்டேன்" என்பது அக்காவின் கையில் இல்லை. அழைப்பாணை கிடைத்தும் வராவிட்டால் பிடியாணை போகலாம். வந்து முன்பு பொலிஸில் சொன்னதற்கு மாறாகச் சொன்னால், நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குத்தொடுநரே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

கணவன் மனைவிக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்ற 122ஆம் பிரிவும் இங்கே அத்தானைக் காப்பாற்றாது. ஒருவர் மற்றவருக்கு இழைத்த குற்றத்துக்கான வழக்கு அதற்கு விதிவிலக்கு. மறுநாள் "வெறியில அடிச்சுப்போட்டன், பொலிசுக்குப் போகாத" என்று அவர் கெஞ்சியிருந்தால், அதையும் அக்கா சொல்லலாம்.

சரி, பிள்ளையின் விஷயம். இத்தனை வயதுக்கு மேல்தான் சாட்சி சொல்லலாம் என்று 118ஆம் பிரிவில் எல்லை ஏதும் இல்லை. கேள்வியை விளங்கி, அறிவோடு பொருந்தப் பதில் சொல்ல முடிகிறதா என்பதே அளவு. அதை அறிய, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பதுபோல நீதவான் முதலில் கேட்டுப் பார்ப்பார். உண்மையான ஆபத்து வீட்டில் சொல்லிக்கொடுப்பதில்தான் இருக்கிறது. "அப்பா உலக்கையால அடிச்சார், அம்மா அடுப்படியில விழுந்தவ" என்று சொல்ல வேண்டிய பிள்ளை, "சம்பவ தினத்தன்று எனது தந்தையார்" என்று தொடங்கினால், எதிரியின் சட்டத்தரணி அங்கேயே பிடித்துக்கொள்வார். தயவுசெய்து பிள்ளைக்கு ஒத்திகை பார்க்க வேண்டாம். எலும்பு முறிந்ததைச் சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கை காட்டும். பிள்ளை கண்டதை மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

பெரியம்மாவுக்கும் அதே அளவுதான். கிளினிக் கொப்பியைக் காட்டி அவரைத் தடுத்துவிட முடியாது. நோயே கேள்வியை விளங்கவிடாமல் செய்தால்தான் தடை. சாட்சி சொல்லும் நாளில் அவர் தெளிவாக இருக்கிறாரா என்பதே முக்கியம். அதற்காக மருந்தை நிறுத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காலைக் குளிசை தூக்கம் தருமென்றால், வைத்தியரைக் கேட்டுவிட்டு, வழக்கை நடத்தும் பொலிஸ் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.