பார்த்துவிட்டு வந்த ராத்திரி: டேட்டிங் செயலி பற்றிக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செயலி பயன்படுத்துகிறவர்களும் மற்றவர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது ஈப்போவில் மனநல ஆலோசகராக வேலை செய்பவர்.

கிளினிக் கவுண்டரில் வேலை, 27: அக்கா, கிள்ளான்காரர் ஒருவரோடு ஐந்து வாரம் பேசினேன், தினமும் ராத்திரி பத்து மணிக்கு. போன ஞாயிறு ஈப்போவில் பார்த்தோம். தப்பா எதுவும் நடக்கவில்லை, ஆனா ஒன்றுமே இல்லை. இது நாலாவது ஆள். அழுகைகூட வரவில்லை, வெறுமையா இருக்கு. என்கிட்ட என்ன குறை?

உன்னிடம் குறை தேடுவதற்கு முன்னால் அந்த ஐந்து வாரத்தைப் பார்ப்போம், தங்கச்சி. எழுத்தில் பேசும்போது ஒரு மனிதரின் சின்னத் துண்டுதான் நமக்கு வந்து சேரும். பத்து நிமிடம் யோசித்து ஒரு வரி அனுப்பலாம், பிடிக்காததை அழித்துவிடலாம். மீதி இடத்தை யார் நிரப்புவது? நாம்தான். குரல், நடை, கோபம் வந்தால் எப்படி இருப்பார், நம் அம்மாவிடம் எப்படிப் பேசுவார், எல்லாவற்றையும் நமக்குப் பிடித்த மாதிரியே நிரப்பிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தவர் அந்த ஆள் இல்லை. அவர்மேலும் தப்பில்லை, பாவம், அப்படி ஒரு ஆளோடு தன்னை ஒப்பிடப் போகிறார்கள் என்று தெரியாமலேயே ரயிலேறி வந்திருக்கிறார்.

அதனால்தான் அழுகை வரவில்லை. அழ வேண்டும் என்றால் யாராவது நம்மை விட்டுப் போயிருக்க வேண்டும். இங்கே போனவர் நீயே உண்டாக்கிய ஒருவர்.

ஒரு வேலை செய். தாளில் நடுவே கோடு போடு. இடப்பக்கம் அவர் உண்மையாகவே சொன்னது, வலப்பக்கம் அதிலிருந்து நீயாக முடிவு செய்தது. 'எனக்கு அமைதி பிடிக்கும்' என்பது அவர் எழுதியது. 'அப்படியென்றால் பொறுமைசாலி' என்பது நீ சேர்த்தது. செய்துவிட்டு வந்து சொல்.

இன்னொன்று, அந்தப் பத்து மணி. ஐந்து வாரம் தினமும் ஒரே நேரத்தில் ஒருவரின் செய்தி வந்துகொண்டிருந்தது. ஆளை மறந்த பிறகும் அந்த நேரம் காலியாகத்தான் இருக்கும். உன் வெறுமையில் எவ்வளவு அவரைச் சேர்ந்தது, எவ்வளவு பத்து மணியைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார். மத்தியானத்தில் சரியாக இருந்து ராத்திரி மட்டும் அடைக்கிறது என்றால், பெரும்பாலும் அது பழக்கம் அறுந்ததன் வலி. அந்த மணிக்கு வேறு ஏதாவது வேலை வை, முடிந்தால் கைப்பேசி இல்லாத வேலையாக.

கடையில் சூப்பர்வைசர், 30: இதெல்லாம் எண்ணிக்கை விளையாட்டுதான். நிறைய பேரைப் பார்த்தால் ஒருத்தராவது அமைவார். நான் ஒரு ராத்திரிக்கு நூறு படம் தள்ளுவேன். சரிதானே?

பாதி சரி, தம்பி. நேரில் பார்க்காமல் யாரும் அமைய மாட்டார்கள், அது உண்மை. ஆனால் நூறு படம் பார்ப்பதும் நூறு பேரைப் பார்ப்பதும் ஒன்றல்ல. நெதர்லாந்தில் பிராங்க், டெனிசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரிசையாகப் படங்களைக் காட்டிக்கொண்டே போனால், முதல் படத்தைவிடக் கடைசிப் படத்தில் 'சரி' சொல்லும் வாய்ப்பு சராசரியாக 27 விழுக்காடு குறைந்தது. படங்கள் மோசமாகிவிடவில்லை, பார்க்கிறவர் மனசுதான் மூடிக்கொண்டே போகிறது. எல்லாரிடமும் ஏதோ குறை இருக்கிற மாதிரி, யாரும் நமக்கு இல்லை என்கிற மாதிரித் தோன்ற ஆரம்பிக்கும். அந்த நிலைமையில் நீங்கள் 'வேண்டாம்' என்று தள்ளின எழுபதாவது பெண்ணை முதலில் பார்த்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பீர்கள்.

பத்துப் பதினைந்தோடு நிறுத்துங்கள். முக்கியமாக, ஒருவரைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பும் பஸ்ஸில் செயலியைத் திறக்க வேண்டாம். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். கசப்போடு தேர்ந்தெடுத்தவரிடம் கசப்போடுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

எல்ஃபில் தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஒருவர்: நூறு படத்துக்கு நாங்க எங்கே போறது? 50 கிலோமீட்டர் போட்டா அதே முகங்கள்தான். அதில் ரெண்டு பேர் என் பக்கத்து லயம், ஒருத்தன் மாமா பையன்!

இது பட்டணத்துக்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் வராத பிரச்சினை. செயலி தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறது, சாலையை அதற்குத் தெரியாது. சிப்புட்டிலிருந்து 50 கிலோமீட்டர் என்றால் ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் எல்லாம் வந்துவிடும். கொஞ்சம் கூட்டினால் கேமரன் மலைக்காரர்களும் வருவார்கள். ஆனால் தானா ராத்தாவுக்கு சிம்பாங் பூலாய் சுற்றித்தான் ஏற வேண்டும், ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் எண்ணைக் கூட்டுவதற்கு முன், ஒரு மாலைக்குள் போய்வர முடிகிற ஊர்கள் எவை என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஆள் குறைவாக இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. கோலாலம்பூரில் ஒரு சந்திப்பு சரியில்லை என்றால் மறுநாள் இன்னொருவர். நமக்கு ஒரு சந்திப்பு என்றால் பஸ், லீவு, வீட்டில் சொல்ல ஒரு பொய், பார்த்துவிடுவார்களோ என்ற பயம். இவ்வளவு கொடுத்துப் போகும்போது எதிரே இருப்பவர் அதற்கு ஈடாக இருக்க வேண்டும் என்று மனசு எதிர்பார்க்கும். எந்த மனுஷனும் அப்படி இருக்க மாட்டான். செலவையும் நேரத்தையும் குறைத்தால் ஏமாற்றமும் குறையும். முதல் தடவை முக்கால் மணி நேரம், ஒரு தே தாரிக், அவ்வளவுதான். வேறு வேலையாக ஈப்போ போகிற நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (தைப்பூசத்தன்று கல்லுமலையில் பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். பாதித் தோட்டம் அங்கேதான் நிற்கும்.)

ஓர் அம்மா: என் மகனுக்கு 33 ஆகுது. நல்ல செயலி எது? படமும் ஜாதகமும் நானே போடுறேன்.

அம்மா, நீங்கள் தேடுவது திருமணத் தகவல் மையம். இங்கே பேசுகிற செயலிகளில் அவரவர் முகத்தை அவரவர்தான் போட வேண்டும். மகனுக்குத் தெரியாமல் போட்டால் பிறகு வீட்டில் சண்டைதான். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு வருஷமாக அவரே இதில் இருந்து அலுத்துப் போயிருக்கவும்கூடும்.

ஆசிரியை: எத்தனை நாள் பேசிவிட்டுப் பார்க்கலாம்? சீக்கிரம் பார்க்கச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. பெண்கள் விஷயத்தில் அது ஆபத்து இல்லையா?

அமெரிக்காவில் ஆர்ட்டெமியோ ராமிரெசும் அவர் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பார்த்தது. கொஞ்ச நாள் பேசிவிட்டுப் பார்த்தவர்களுக்குச் சந்திப்பு நன்றாகவே இருந்தது. சுமார் மூன்று வாரத்தைத் தாண்டியவர்களுக்கு ஏமாற்றம் கூடியது. முதல் கேள்வி கேட்ட தங்கச்சியின் ஐந்து வாரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

உங்கள் பயம் நியாயமானது, டீச்சர். நான் சொல்லும் வழி: ஒரு வாரத்துக்குள் கால் மணி நேரம் வீடியோ அழைப்பு. முகம், குரல், பேசும் வேகம் மூன்றும் அதில் தெரிந்துவிடும், கற்பனைக்கு இடம் பாதியாகும். 'கேமரா கெட்டுப்போச்சு' என்று ஒவ்வொரு தடவையும் தள்ளினாலோ, பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்டாலோ பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும். அப்புறம் பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், ஒரு தோழிக்குச் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆசிரியை: வீடியோவில் நல்லவராகத் தெரிந்த ஒருவரிடம் என் தோழி மாட்டிக்கொண்டாள். எனக்கு இரண்டு மாதமாவது பேச வேண்டும். ஏமாற்றம் பரவாயில்லை.

சரி, அப்படியே செய்யுங்கள். அந்த ஆய்வு ஏமாற்றத்தைத்தான் அளந்தது, ஆபத்தை அல்ல. நீங்கள் எதற்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுக்கிறீர்கள். இதில் நாம் ரெண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும் என்று அவசியமில்லை.

லாரி ஓட்டுநர், 34: தோட்டம்னு சொன்னாலே பதில் நிக்குது. இப்ப 'ஈப்போ'ன்னு போட்டுட்டேன். மூணு மாசமா சாப்பாடே இறங்கல, தூக்கம் இல்ல, வண்டி ஓட்டும்போதுகூட இதே நினைப்பு. செயலியை எடுத்துட்டா சரியாயிடுமா?

தம்பி, ஊர்ப்பெயரைப் பிறகு பேசலாம். செயலி அலுப்பு என்றால் செயலியில்தான் அலுப்பு இருக்கும். கூட்டாளிகளோடு பந்து விளையாடினால், நல்ல மீன்குழம்பு சாப்பிட்டால் கொஞ்சமாவது மனசு லேசாகும். உங்களுக்குச் சாப்பாடு, தூக்கம் இரண்டும் போய் மூன்று மாதம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இதை அப்படியே சொல்லுங்கள். குடிமகனுக்கு ஒரு வெள்ளிதான். தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555க்கு அழைக்கலாம். தூக்கமில்லாமல் லாரி ஓட்டுவதைப் பற்றி முதலாளியிடமும் பேசுங்கள், இந்த வாரமே.

செயலியை எடுப்பது நல்லதுதான். ஆனால் கைப்பேசியிலிருந்து நீக்கினால் கணக்கு அழியாது, உங்கள் படம் பிறருக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம். முதலில் உள்ளே போய்க் கணக்கை அழித்துவிட்டோ, மறைத்துவிட்டோ பிறகு நீக்குங்கள்.

கிளினிக் கவுண்டரில் வேலை, 27: அக்கா, தாளில் எழுதினேன். மொத்தம் பதினான்கு. அதில் ஒன்பது நான் சேர்த்தது. ஆனா மிச்ச ஐந்து நல்லாத்தான் இருக்கு. அவர் நேற்று 'வீட்டுக்குப் பத்திரமா போனீங்களா, அப்புறம் பேசவே இல்லையே' என்று கேட்டு அனுப்பியிருக்கார். என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்.

அப்படி நினைப்பது சகஜம். பூத்பி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2018இல் இதையே காட்டினார்கள். முதல் தடவை பேசிப் பிரிந்தவர்கள், எதிராளிக்குத் தன்னைப் பிடித்த அளவை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

பயமோ அருவருப்போ இல்லை என்றால், அந்த ஐந்துக்காக இரண்டாவது தடவை பார்க்கலாம். இந்த முறை மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேட்டி எடுக்காதீர்கள். லிட்டில் இந்தியாவில் உன் அம்மாவுக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று கூட்டிப் போ. கடைக்காரரிடம் எப்படிப் பேசுகிறார், நீ தயங்கும்போது பொறுமையாக நிற்கிறாரா என்று பார். அதற்கு முன் இந்த வாரம் பத்து மணிப் பேச்சை மறுபடி ஆரம்பிக்காதே. வரும் நாளும் நேரமும் மட்டும் கேட்டு அனுப்பு.