அம்மாவின் மாத்திரை எப்படி மீதியானது?

கேள்வி: எனக்கு 27 வயது. கால், அக்குள் இரண்டிலும் ஷேவ் பண்ணினால் இரண்டாம் நாளே அரிப்போடு சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம் வருகிறது. வேக்ஸிங்குக்கு மாறிப் பார்த்தேன், தொடையில் இன்னும் மோசம். போன மாதம் அம்மாவின் கால் புண்ணுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் மீதி இருந்ததை நாலு மாத்திரை போட்டேன், வலியில் பத்து நாள் ரேசரையும் தொடவில்லை. அடங்கிவிட்டது. மறுபடி ஷேவ் பண்ணினதும் திரும்ப வந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதைச் சொல்லி அவரைக் கவலைப்படுத்தவில்லை. எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் போட வேண்டும்?

பதில்:

அந்த மாத்திரை எப்படி மீதியானது என்று முதலில் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவரின் கால் புண்ணுக்கு மருத்துவர் எண்ணித்தான் மாத்திரை எழுதுவார், லேசான தொற்றுக்கே பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம். அது மீதி இருக்கிறது என்றால் அம்மா நடுவில் நிறுத்தியிருக்கிறார். வயிற்றைப் புரட்டியிருக்கலாம், வலி போய்விட்டது என்று விட்டிருக்கலாம். அட்டையில் நாலு மாத்திரை இருப்பதைப் பார்த்த உங்களுக்கு, 'ஏன் அம்மா இதை முடிக்கவில்லை' என்று கேட்கத் தோன்றவில்லை, எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றியது. அதோடு, அவரைக் கவலைப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படுத்தாமல் இருப்பதும் கவனித்துக்கொள்வதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். பெற்றவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதையே பெரிய தியாகமாக நினைத்துக்கொள்வார்கள், ஆனால் அவர் பாதத்தைக் குனிந்து பார்த்து மாதக்கணக்காகியிருக்கும்.

இன்றே பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரல் இடுக்கு, காய்ப்பு இருந்தால் அதன் ஓரம் என்று எல்லாவற்றையும் பாருங்கள். சர்க்கரையால் நரம்பு உணர்வு குறைந்த காலில் வலி இல்லை என்பது ஆறிவிட்டதற்கு அடையாளமே இல்லை, ஆறாமலே வலி போகும். புண் மூடவில்லை, நீர் கசிகிறது, வாடை வருகிறது, சுற்றிச் சிவந்து சூடாக இருக்கிறது, தோல் கருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை அந்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மீதியை இனி அவரும் தானாகப் போடக் கூடாது, நீங்களும் போடக் கூடாது.

சரி, உங்கள் கொப்புளத்துக்கு வருகிறேன். இதற்கும் அம்மாவின் காலுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால்தான் அதை முதலில் பிடித்துக்கொண்டேன்.

நாலு மாத்திரையில் சரியானதாக நினைக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, பத்து நாள் ரேசரைத் தொடவில்லை. மயிர்க்காலின் மேல்பக்கம் மட்டும் வீங்கிச் சீழ் கட்டும் இந்த வகை, உரசலும் வெட்டும் நின்றால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே வற்றிவிடும். திரும்ப ஷேவ் பண்ணினீர்கள், திரும்ப வந்தது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும். அரைகுறையாகப் போட்டதில் நடந்திருக்கக்கூடிய ஒன்று, உங்கள் உடம்பிலுள்ள கிருமிகளில் அந்த மருந்துக்குச் சாகாதவை தங்கிப் பெருகியிருப்பது. நாளைக்கு உண்மையாகவே மாத்திரை தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம்.

ஷேவ் பண்ணினபின் வரும் கொப்புளம் எல்லாம் தொற்று இல்லை. நெருக்கமாக மழிக்கும்போது முடியின் முனை சாய்வாகக் கூர்ப்பாகிறது. வளரும்போது அது வளைந்து பக்கத்துத் தோலில் குத்தி இறங்குகிறது, அல்லது வெளியே வராமல் உள்ளேயே சுருண்டுகொள்கிறது. உடம்பு அதை முள் மாதிரி நினைத்து வீங்குகிறது, அரிக்கிறது, சில சமயம் சீழும் வைக்கிறது. கிருமியே இல்லாமல் வரும் சீழ் இது, ஆன்டிபயாடிக் இதில் முடியை வெளியே எடுக்காது. வேக்ஸிங்கில் முடி வேரோடு வராமல் தோலுக்குக் கீழே ஒடிந்துவிட்டால் இதே கதைதான். தொடையில் மோசமானது இதனால் இருக்கலாம், அதோடு இறுக்கமான துணி அங்கே உரசிக்கொண்டே இருக்கும்.

கொப்புளத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையமோ கோடோ தெரிந்தால் அது உள்ளே மாட்டிய முடி. சரியாக நடுவில் ஒரு முடி நின்று, அதைச் சுற்றி மஞ்சளாகச் சீழும் சிவந்த வட்டமும் இருந்தால் அது ஃபாலிகுலைட்டிஸ், மயிர்க்கால் அழற்சி. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. சர்க்கரைக் கால் புண்ணில் சாதாரணமாக இருப்பதும் இதுதான். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருப்பதும் இதுதான். உங்கள் வீட்டில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க முடியாது, யாரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒரே துண்டு, ஒரே சோப்பு, புண்ணைத் தொட்ட கை என்று அதற்கு வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. உங்களுக்கு அது அரிப்பு, அம்மாவுக்கு அது காலையே பதம் பார்க்கும். ஆகவே இதை அவரிடம் சொல்லாமல் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. மூன்று நாலு வாரத்துக்கு ஷேவிங், வேக்ஸிங் இரண்டும் நிறுத்தம். முடி தெரிந்தால் தெரியட்டும். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். துணியை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். குளிக்கும்போது பென்சாயில் பெராக்சைடு 5 சதவீத வாஷை அந்த இடத்தில் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பழகிக்கொள்வது போலக் கிருமி இதற்குப் பழகுவதில்லை, இதை நான் விரும்புவதற்குக் காரணமும் அதுதான். அக்குளில் எரியும், அதனால் அங்கே முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். துணியில் பட்டால் சாயம் போகும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நசுக்காதீர்கள். அரிப்பு தாங்கவில்லை என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் கடையில் கேட்டு வாங்கித் தடவாதீர்கள், சிவப்பையும் அரிப்பையும் இரண்டு நாள் மறைத்துவிட்டு உள்ளே தொற்றை வளர்க்கும்.

நீங்கள் கேட்ட ஆன்டிபயாடிக்குக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு விழுங்கும் மாத்திரை எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று வாரம் மேலே சொன்னதைச் செய்தும் சீழ் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தால் மருத்துவர் முதலில் தருவது தடவும் மருந்து, மியூபிரோசின் களிம்போ கிளின்டாமைசின் லோஷனோ, அதுவும் அளவான சில நாட்களுக்கு. வாய்வழி மாத்திரை எப்போது என்றால், கொப்புளம் பரந்த இடத்தில் பரவும்போது, ஆழமாக இறங்கி வலிக்கும் கட்டியாகும்போது, சுற்றிலும் சிவப்பு பரவும்போது, காய்ச்சல் வரும்போது. சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள், சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே போக வேண்டும். சீழ் கோத்த பெரிய கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது, மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், நீங்கள் வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது.

திரும்பத் திரும்ப வருகிறது என்றால், 'எந்த மாத்திரை' என்று கேட்பதற்கு முன்னால் சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அது சொல்லும். மூக்கில் குடியிருக்கும் கிருமிதான் காரணம் என்று தெரிந்தால் மூக்குக்குள் தடவ ஐந்து நாள் களிம்பு தருவார்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்த்தே தர வேண்டியிருக்கும். இன்னொன்று, நெஞ்சு, முதுகு, தோள் என்று ஒரே அளவில் பொடிப் பொடியாக வந்து வலியைவிட அரிப்பு அதிகம் என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால் கூடும். உங்களுக்கும் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள், அம்மாவுக்கு இருக்கிறது, உங்களுக்குத் தோல் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது, இந்த இரண்டு காரணமே போதும்.

ரேசரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஈரக் குளியலறையில் கிடக்கும் பழைய பிளேடாக இருந்தால் இன்றே எறியுங்கள். வீட்டில் வேறு யாராவது அதைத் தொடுகிறார்கள் என்றால் அது இன்னும் பெரிய தப்பு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். குடும்பம் என்றால் எல்லாவற்றையும் பகிர வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டுக்கும் கஷ்டத்துக்கும்தான், ரேசருக்கும் துண்டுக்கும் இல்லை. துண்டு ஆளுக்கு ஒன்று, வெந்நீரில் துவைத்து முழுதாகக் காய வைத்தது.

தோல் முழுதாக அடங்கினபின் முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் டிரிம்மர்தான் உங்களுக்கு நல்லது, ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட மழிக்காத வரை முனை உள்ளே திரும்பாது. ரேசர்தான் வேண்டும் என்றால் குளித்து முடிக்கும்போது, முடி நன்றாக ஊறினபின், ஜெல் தடவி, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், ஐந்தாறு முறைக்கு மேல் ஒரு பிளேடு வேண்டாம், ரேசரை உதறிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். அக்குளில் முடி பல திசையில் வளரும், அங்கே ரேசர் வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் செய்தும் ஒவ்வொரு முறையும் கொப்புளம் வந்தால் உங்கள் முடியின் சுருள் அப்படி, அப்போது லேசர் முறையைப் பற்றித் தோல் மருத்துவரிடம் பேசலாம். அதற்கு அவசரமில்லை, அம்மாவின் காலைக் காட்டும் வேலைக்குத்தான் அவசரம், இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.