பத்துப் பெயர் கேட்டேன், ஒன்றுதான் வந்தது

கேள்வி: வீட்டில் பொடி வகைகள் அரைத்து விற்கப் போகிறேன். சாட்பாட்டிடம் பத்துப் பெயர் கேட்டால் அம்மா சுவை, பாட்டி சுவை, அமுதச் சுவை என்றே வருகிறது. ‘புதுமையாகக் கொடு’ என்று மூன்று முறை கேட்டும் பயனில்லை.
வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் சுவை, பாட்டி, அமுதம், பாரம்பரியம் ஆகிய நான்கு சொற்களைப் பேனாவால் அடித்துப் பார்த்தேன். பத்துப் பெயரில் எதுவுமே மிஞ்சவில்லை. சாட்பாட், தன் முன்னால் இருக்கும் சொற்களைப் பார்த்து, அடுத்து வர அதிக வாய்ப்புள்ளதை எழுதுகிறது. ‘பொடி, பெயர்’ என்று மட்டும் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான் அதற்கும் தோன்றும். முதல் பெயரில் ‘சுவை’ விழுந்துவிட்டால், அதைப் பார்த்துத்தான் இரண்டாவதும் மூன்றாவதும் எழுதப்படும். அதே உரையாடலில் ‘புதுமையாக’ என்று எத்தனை முறை கேட்டாலும், பழைய பட்டியல் மேலே நின்று அதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

என் நெடுநாள் மனக்குறை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள், இந்தப் பெட்டிக்குள் மூன்று சொல்லைப் போட்டுவிட்டு அதிசயத்துக்குக் காத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், மிளகாயை இரும்புச்சட்டியில் வறுப்பதாகவும், வாங்குபவர்கள் பெரும்பாலும் பெருங்குடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் என்றும், அவர்கள் இரவில் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒரு வரியைக்கூட நீங்கள் சாட்பாட்டிடம் சொல்லவில்லை.

புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து இந்த விவரங்களை எழுதுங்கள். முதலில் பெயரே கேட்காதீர்கள். ‘இந்தத் தொழிலுக்கு எந்தெந்தக் கோணங்களிலிருந்து பெயர் வைக்கலாம், எட்டுக் கோணம் சொல்’ என்று மட்டும் கேளுங்கள். வறுக்கும் பாத்திரம், சாப்பிடும் நேரம், கையின் செயல், அரைக்கும் ஓசை, அளவு என்று வரும். பிடித்த ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாக உரையாடல் திறந்து ஐந்து பெயர் கேளுங்கள்; மேலே நான் அடித்த நான்கு சொற்களும் வரக்கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த கடைப்பெயரை மட்டும் உதாரணமாகக் காட்டிவிடாதீர்கள், அதன் நகல்களே வரிசையாக வரும். நான் இப்படிச் செய்து பார்த்தபோது இரும்புச்சட்டி, இராச்சோறு, பிசைந்தது, உரலோசை, ரெண்டு கரண்டி என்று வந்தன. பாதி தேறாது, ஆனால் ஒன்று போல மற்றொன்று இல்லை.

கேள்வி: கட்டணச் சந்தா எடுத்தால் விதவிதமான பெயர்கள் வருமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: அதற்காக மட்டும் என்றால் எடுக்காதீர்கள். மைத்துனரின் தையல் கடைக்குப் பெயர் தேட ஒரு முழு ஆண்டுச் சந்தா கட்டினேன். ‘நூலிழை’யும் ‘இழைநூலு’மாக வந்ததே தவிர, கேட்ட விதம் மாறும்வரை எதுவும் மாறவில்லை.

கேள்வி: விளம்பர வாசகம் கேட்டால் ‘தரத்தில் சமரசம் இல்லை’ என்பதையே பத்து விதமாகத் தருகிறது.
வாசகர், குரோம்பேட்டை

பதில்: வாசகம் கேட்காமல், உங்கள் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டாரிடம் உங்கள் கடையைப் பற்றிச் சொல்லக்கூடிய பத்து வாக்கியங்களைக் கேளுங்கள்.

கேள்வி: ‘ஆராய்ந்து, வர்த்தகக்குறி சரிபார்த்து’ இருபது பெயர் தருவதாக ஒருவர் ஆறாயிரம் ரூபாய் வாங்கினார். அதே பெயர்கள் சாட்பாட்டில் எனக்கு இலவசமாக வந்தன. ஏமாந்துவிட்டேனா?
வாசகி, வில்லிவாக்கம்

பதில்: சாட்பாட்டைப் பயன்படுத்தியது குற்றமில்லை, அம்மா. சரிபார்த்ததாகச் சொல்லிக் காசு வாங்கியதுதான் கேள்வி. வர்த்தகக்குறிகளைப் பொருள் வகைப்படி வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒவ்வொரு பெயருக்கும் எந்த வகுப்பில், எந்த நாளில் தேடினார் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தொழிலுக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று அவர் சொல்லக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பொருள் வாங்கியவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது; சேவைக்கும் அது பொருந்துமா என்பதை முறையிடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் முறையிடுங்கள்.

கேள்வி: சாட்பாட் கொடுத்த பெயரில் இரண்டாயிரம் பை அச்சடித்த பிறகு, அதே ஓசையில் வேறொரு மசாலாப் பெயர் இருப்பது தெரிந்தது. சாட்பாட் ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்றதே?
வாசகர், அம்பத்தூர்

பதில்: அது சொன்னது, நீங்கள் அச்சடித்தீர்கள். ipindia.gov.in தளத்தில் வர்த்தகக்குறித் தேடல் இலவசம். மசாலாவும் பொடியும் 30ஆம் வகுப்பில் வரும். `Wordmark` தேடலோடு நிறுத்தாமல், ஓசை ஒப்புமைக்கு `Phonetic` தேடலையும் பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பட்டியலில் ஒரே பெயரின் பத்து வடிவங்கள் இருந்தால், ஒன்று அடிபடும்போது மற்றவையும் சேர்ந்து அடிபடும். வெவ்வேறு கோணத்தில் நான்கு பெயர் கையில் இருந்திருந்தால், இன்று அடுத்ததை எடுத்திருப்பீர்கள். மிச்சமுள்ள பைகளை விற்பனைக்கு அனுப்பாமல், முதலில் ஒரு வர்த்தகக்குறி வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.