சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிய உதவித்திட்ட விபரத்தைச் செப்பனிடுவது

கேள்வி: எங்கட சங்கத்தின் உதவித்திட்ட விபரத்தைத் தமிழில இருந்து சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி வச்சிருக்கிறம். வாசிக்கக் கரடுமுரடா இருக்கு. தகுதி விதி ஒன்றும் மாறாம எப்படிச் சரளமாக்கலாம்?

பதில்: அந்த ஆங்கிலத்தைத் திருத்தத் தொடங்காதீர்கள். தமிழ் மூலத்தை எடுத்து மேசையில் வையுங்கள். கரடுமுரடான ஆங்கிலத்தை மட்டும் பார்த்து அழகாக்கப் போய்த்தான் நான் ஒரு அம்மம்மாவின் பெயர் பட்டியலில் இருந்து வெட்டுப்படக் காரணமானேன்.

மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தபோது நடந்தது. கோழி வளர்ப்புக்கு உதவும் திட்டம். தமிழில் இப்படி இருந்தது: "பிரிவில் குறைந்தது மூன்று வருடங்கள் வசித்துவரும், கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒன்றையாவது பராமரிக்கும், மாத வருமானம் 25,000 ரூபாவுக்கு மேற்படாத குடும்பங்களின் தலைவிகள், முன்னர் வாழ்வாதார உதவி பெற்றிருந்தால் தவிர, விண்ணப்பிக்கலாம்."

தமிழில் இத்தனை அடைமொழியும் "தலைவிகள்" என்ற சொல்லுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். நமக்கு வாசிக்கத் தடையில்லை. ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லிவிட்டு விதிகளைப் பின்னால் வைக்க வேண்டும். அந்த ஒழுங்கை மாற்றாமல் பெயர்த்ததால்தான் உங்கள் விபரம் மூச்சுமுட்டுகிறது.

நான் என்ன செய்தேன்? மூன்று அடைமொழிகளைச் சுருட்டி 'சிங்கிள் மதர்ஸ்' என்று எழுதினேன். வாசிக்க வழுவழுப்பாக இருந்தது. கொழும்பில் பட்டியலைச் சரிபார்த்தவர் ஆங்கிலத்தைத்தான் பார்த்தார். படுவான்கரைப் பக்கம் ஒரு அம்மம்மா, கணவன் இல்லை, மகள் மத்திய கிழக்கில் வேலைக்குப் போய்விட்டார், எட்டு வயதுப் பேத்தியை வளர்க்கிறார். தமிழ் விதிப்படி முழுத் தகுதி. "இவர் தாய் இல்லையே" என்று பெயர் வெட்டப்பட்டது. திரும்பச் சேர்க்க இரண்டு மாதம் போனது. மறுபக்கம், திருமணமாகாத தாயும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார்; மூலத்தில் அவருக்கு இடமே இல்லை. அவரைச் சேர்ப்பது நியாயமாக இருக்கலாம், ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியது திட்டம் வகுத்தவர், மொழிபெயர்ப்பவர் அல்ல.

அதன் பிறகு நான் இப்படித்தான் செய்கிறேன். தமிழ் வசனத்தை உடைத்து, ஒரு வரிக்கு ஒரு விதியாகக் கொப்பியில் எழுதுவேன். மேலே உள்ளதில் ஆறு வரி வரும்: வசிப்பு, கணவன் இல்லாமை, பராமரிக்கும் பிள்ளை, வருமானம், குடும்பத் தலைமை, முன்னைய உதவி. ஆங்கிலத்தை எழுதி முடித்ததும் அந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தேடி அடையாளம் போடுவேன். ஆங்கிலம் இரண்டு மூன்று வசனமாகப் பிரிந்தால் பிரியட்டும். ஒரே வசனத்தில் அடக்க நினைக்கும்போதுதான் ஏதாவது ஒன்று கழன்று விழும்.

வருமானத்தைக் கவனமாகப் பாருங்கள். "மேற்படாத" என்றால் சரியாக 25,000 உள்ளவரும் உள்ளே. ஆங்கிலத்தில் 'பிலோ' போட்டால் அவர் வெளியே. 'நொட் மோர் தான்' சரி. பிள்ளையின் வயதோ "குறைந்த" என்றிருக்கிறது, அங்கே 'அண்டர்' சரி, 'அப் டு' போட்டால் 18 வயதுப் பிள்ளையும் நுழைந்துவிடும். இன்னொன்று, 25,000 என்பது குடும்பத்தின் வருமானம். ஆங்கிலத்தில் ஆளை முன்னால் கொண்டுவரும்போது அது அந்தப் பெண்ணின் தனி வருமானமாக மாறிவிடுவது மிகச் சுலபம். 'ஹவுஸ்ஹோல்ட்' என்ற சொல்லைக் கைவிடாதீர்கள்.

கடைசியில் வரும் "தவிர" என்பதில்தான் ஆட்கள் அதிகம் வெளியே போவார்கள். மூலம் சொல்வது வாழ்வாதார உதவி. அதை 'எனி அதர் அசிஸ்டன்ஸ்' என்று பொதுப்படையாக்கினால் அஸ்வெசும எடுக்கும் வீடுகள் எல்லாம் அடிபட்டுப் போகும். நம் பக்கத்தில் இப்படியான திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் அஸ்வெசும எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். "பெற்றிருந்தால்" என்பதும் கடந்த காலம். இப்போது பெறுபவர் என்று எழுதினால் போன வருடம் கோழிக்கூடு வாங்கியவர் மறுபடி வரிசையில் நிற்பார்.

எழுதியதைச் சோதிக்க, தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து நாலு பேரைப் பற்றிக் கேளுங்கள். பேத்தியை வளர்க்கும் அம்மம்மா. வீட்டு வருமானம் சரியாக 25,000 உள்ளவர். அஸ்வெசும மட்டும் எடுப்பவர். மூன்று வருடத்துக்கு முன் வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் வாங்கியவர். மற்ற விதிகள் எல்லாம் பொருந்துகின்றன என்று வைத்துக்கொண்டால், முதல் மூவருக்கும் "ஆம்", கடைசியவருக்கு "இல்லை" என்று அவர் சொல்ல வேண்டும். தடுமாறினால் அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள்.

தமிழிலேயே தெளிவில்லாத இடம் இருந்தால் ஆங்கிலத்தில் தெளிவாக்கி விடாதீர்கள். "மூன்று வருடங்கள் வசித்துவரும்" என்பது இடைவிடாமலா, இடையில் கட்டாருக்குப் போய் வந்தவரும் சேர்த்தியா? விதியை எழுதியவருக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை முதலில் தமிழில் திருத்திவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள்.